கேள்வி மாறினால் வறுமையும் மாறுமா? 1999-2000 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் மாதிரிப் பிழையும் மாதிரி சாராப் பிழையும்

1993-94இல் இந்திய மக்களில் 36 விழுக்காட்டினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள் என்றது அரசுக் கணக்கு. 1999-2000க்கு அதே கணக்கு 26.1 விழுக்காடு என்று வந்தது. ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய 32 கோடியிலிருந்து 26 கோடியாக இறங்கியிருந்தது. இரண்டு எண்களுமே தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு நிறுவனம் வீடு வீடாகச் சென்று எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பிலிருந்து வந்தவை. முதலாவது 50ஆம் சுற்று, சுமார் 1,15,000 குடும்பங்கள். இரண்டாவது 55ஆம் சுற்று, சுமார் 1,20,000 குடும்பங்கள்.

இவ்வளவு பெரிய மாதிரி இருக்கும்போது பிழை எங்கிருந்து வரும் என்று தோன்றலாம். ஆனால் இந்த எண் வெளிவந்ததும் எழுந்த விவாதம் பல ஆண்டுகள் ஓயவில்லை. விவாதத்தில் எவரும் மாதிரியின் அளவைக் குறை சொல்லவில்லை. வினாப்பட்டியலில் இருந்த ஒரு கூடுதல் நெடுவரிசைதான் சிக்கல். மாதிரிப் பிழை எது, மாதிரி சாராப் பிழை எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு இந்தியப் புள்ளியியலில் இல்லை என்பது எங்கள் கருத்து.

முதலில் மாதிரிப் பிழை

எல்லாக் குடும்பங்களையும் கேட்காமல் சிலவற்றை மட்டும் கேட்பதால் வருவது மாதிரிப் பிழை. குலுக்கலில் வேறு குடும்பங்கள் விழுந்திருந்தால் வேறு விடை வந்திருக்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் இது. கேள்வி சரியாக இருந்து, பதில் உண்மையாக இருந்து, பதிவில் ஒரு தவறும் இல்லாவிட்டாலும் இந்தப் பிழை இருக்கும். எல்லோரையும் கேட்டுவிட்டால் மட்டுமே அது மறையும்.

மாதிரி சாராப் பிழை என்பது மற்றதெல்லாம். கேள்வி புரியாமல் போவது, பதில் சொல்பவர் மறப்பது, பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பிடிப்பது, பட்டியலிலேயே இல்லாமல் போன குடும்பம், கிலோ என்று எழுத வேண்டிய இடத்தில் கிராம் என்று எழுதுவது எல்லாம் இதில் அடங்கும். எல்லாக் குடும்பங்களையும் கேட்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்தப் பிழை இருக்கும்.

மாதிரிப் பிழைக்கு ஒரு நல்ல குணம் உண்டு: கையில் இருக்கும் தரவை வைத்தே அதன் அளவைக் கணக்கிடலாம். 55ஆம் சுற்றில் கிராமப்புறத்தில் மட்டும் 71,385 குடும்பங்கள் கேட்கப்பட்டன. கிராமப்புற வறுமை 27 விழுக்காடு என்று எடுத்துக்கொள்வோம். நாடு முழுவதும் எளிய குலுக்கல் முறையில் குடும்பங்களைப் பொறுக்கியிருந்தால், அந்த ஏற்ற இறக்கத்தின் அளவான திட்டப் பிழை இப்படி வரும்:

```
SE = √( p(1−p) / n )
   = √( 0.27 × 0.73 / 71385 )
   = 0.00166   (0.17 சதவீதப் புள்ளி)
```

ஆனால் இந்தக் கணக்கெடுப்பில் குடும்பங்களை நாடு முழுவதும் சிதறலாகப் பொறுக்குவதில்லை. முதலில் கிராமங்களைப் பொறுக்குகிறார்கள், பிறகு ஒவ்வொரு கிராமத்திலும் 12 குடும்பங்களைப் பொறுக்குகிறார்கள். ஒரே ஊரில் மழை பொய்த்தால் பன்னிரண்டு வீட்டிலும் கைச்செலவு குறையும். ஆகவே பன்னிரண்டாவது குடும்பம் தரும் புதிய செய்தி, முதல் குடும்பம் தந்ததைவிடக் குறைவு. இதற்காகத் திட்டப் பிழையின் வர்க்கமான மாறுபாட்டை ஒரு எண்ணால் பெருக்குகிறோம். அது `1 + (m − 1)ρ`. இதில் m என்பது ஒரு ஊரில் கேட்ட குடும்பங்கள், ρ என்பது ஓர் ஊர்க் குடும்பங்கள் ஒன்றுபோல் இருக்கும் அளவு. ρ 0.15 என்று வைத்தால், இது எங்கள் அனுமானம்தான், பெருக்கல் எண் 2.65 ஆகும். அதன் வர்க்கமூலம் 1.63. எனவே திட்டப் பிழை 0.27 புள்ளி. 95 விழுக்காடு நம்பக எல்லை ஏறத்தாழ அரைப் புள்ளி இந்தப் பக்கம், அரைப் புள்ளி அந்தப் பக்கம். பத்துப் புள்ளிச் சரிவை அரைப் புள்ளியால் விளக்க முடியாது. மாதிரிப் பிழையை மட்டும் பார்த்திருந்தால் விவாதம் அங்கேயே முடிந்திருக்கும்.

வாய்பாடு இல்லாமலும் இதை அளக்கலாம். இந்திய மாதிரிக் கணக்கெடுப்பை 1950இல் தொடங்கி வைத்த பி.சி. மகாலனோபிஸ், மாதிரியை ஒன்றுக்கொன்று சாராத துணை மாதிரிகளாகப் பிரிக்கச் சொன்னார். ஒவ்வொரு துணை மாதிரியும் தனித்தனியாகக் குலுக்கப்பட்டு, தனித்தனியாக முழு நாட்டுக்கும் மதிப்பீடு தரும். முதல் பாதி 27.4 என்றும் இரண்டாம் பாதி 26.8 என்றும் சொன்னால், இரண்டின் சராசரி 27.1 நம் மதிப்பீடு. வேறுபாட்டில் பாதி, அதாவது 0.3, அதன் திட்டப் பிழை. கல்லூரி மாணவர்கூட ஒரு நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு இது. (இந்த இரு எண்களும் விளக்கத்துக்காக எடுத்தவை.)

இங்கே ஒன்றை நன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு துணை மாதிரிகளும் ஒரே வினாப்பட்டியலைக் கொண்டு கேட்டவை. வினாப்பட்டியலில் கோளாறு இருந்தால் அது இரண்டையும் ஒரே பக்கமாக ஒரே அளவு தள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது அந்தத் தள்ளல் அடிபட்டுப் போகும். ஆகவே துணை மாதிரிகள் எவ்வளவு நெருங்கி வந்தாலும், கேள்வி சரியாக இருந்தது என்பதற்கு அது சான்றாகாது. அச்சிட்ட அறிக்கைகளில் காணும் திட்டப் பிழை அட்டவணைகளுக்கும் இதே வரம்பு உண்டு.

30 நாளா, 7 நாளா?

பல பத்தாண்டுகளாக இந்தியாவில் குடும்பச் செலவைக் கடந்த 30 நாள் கணக்காகவே கேட்டு வந்தார்கள். ‘கடந்த 30 நாளில் உங்கள் வீட்டில் எவ்வளவு அரிசி, எவ்வளவு பருப்பு, எவ்வளவு எண்ணெய்?’ முப்பது நாள் என்பது நீண்ட காலம், மக்கள் மறந்துவிடுகிறார்கள், அதனால் செலவு குறைவாகப் பதிவாகிறது என்ற சந்தேகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. மகாலனோபிஸும் எஸ்.பி. சென்னும் 1950களின் தொடக்கத்தில் வங்கத்தில் இதைச் சோதித்தார்கள். வாரக் கணக்காகக் கேட்டால் அளவு கூடுதலாகவும், மாதக் கணக்காகக் கேட்டால் குறைவாகவும் வந்தது. வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்த அளவுக்கு மாதக் கணக்கே நெருக்கமாக இருந்ததால் 30 நாளே நிலைத்தது.

ஏன் வாரக் கணக்கு கூடுகிறது என்பதை ஒரு எண்ணெய்ப் பாக்கெட்டை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு வீட்டில் ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்துப் பத்து நாள் ஆகிறது, இன்னும் கால் லிட்டர் மிச்சம். கணக்கெடுப்பாளர் ‘கடந்த ஏழு நாளில் எவ்வளவு எண்ணெய் ஆச்சும்மா?’ என்கிறார். ‘போன வாரம்தான் ஒரு பாக்கெட் பிரிச்சோம், ஒரு லிட்டர் போட்டுக்குங்க’ என்று பதில் வருகிறது. பொய் சொல்லும் எண்ணமே அங்கே இல்லை. பத்து நாளைக்கு முன் நடந்தது நினைவில் ‘போன வார’மாக நெருங்கி வந்துவிட்டது, மிச்சமிருப்பது கணக்கில் வரவில்லை. உண்மையில் நாளொன்றுக்கு 75 மில்லி, மாதத்துக்கு 2.25 லிட்டர். பதிவானதோ ஏழு நாளுக்கு ஒரு லிட்டர். அதை மாதக் கணக்காக்க 30/7ஆல் பெருக்கினால் 4.29 லிட்டர். சிறு நினைவுப் பிசகு, பெருக்கலில் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது.

அதே வீட்டில் 30 நாளைக் கேட்டால் என்ன ஆகும்? ‘மாசத்துக்கு ரெண்டு பாக்கெட்’ என்று வழக்கமான அளவைச் சொல்வார்கள். இடையில் விருந்தாளி வந்த நாளில் பலகாரம் சுட்டது நினைவுக்கு வராது. கொஞ்சம் குறையும். ஒரு கேள்வி மேலே தள்ளுகிறது, மற்றொன்று கீழே தள்ளுகிறது. இரண்டுமே மாதிரி சாராப் பிழைதான். எவ்வளவு குடும்பங்களைக் கேட்டாலும் அந்தத் தள்ளல் சராசரியில் கரையாது, ஏனென்றால் எல்லா வீட்டிலும் ஏறக்குறைய ஒரே திசையில் நடக்கிறது.

ஆடை, செருப்பு, கல்விச் செலவு ஆகியவற்றில் கதை வேறு. இவற்றை மாதந்தோறும் யாரும் வாங்குவதில்லை. 30 நாளைக் கேட்டால் பெரும்பாலான ஏழைக் குடும்பங்களில் ஆடைச் செலவு பூஜ்யம் என்று விழும். தீபாவளி மாதத்தில் கேட்டால் மட்டும் பெரிய தொகை வரும். 365 நாளைக் கேட்டால் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு தொகை இருக்கும். நாட்டின் சராசரி ஆடைச் செலவு இதனால் பெரிதாக மாறாமல் இருக்கலாம், ஆனால் பூஜ்யங்கள் மறைவதால் கீழ்மட்டத்தில் இருக்கும் குடும்பங்களின் மொத்தச் செலவு மேலே ஏறும். வறுமைக் கோடு கீழ்மட்டத்தைத்தான் வெட்டுகிறது. எனவே கேட்கும் காலத்தை மாற்றுவது சராசரியைத் தொடாமலே ஏழைகளின் எண்ணிக்கையைக் குறைக்கக்கூடும்.

ஒரே மாதிரி, இரண்டு வினாப்பட்டியல்

1994 முதல் 1998 வரை நடந்த 51 முதல் 54 வரையான சுற்றுகளில் நிறுவனம் நேர்த்தியான ஒரு சோதனையைச் செய்தது. குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குப் பழைய வினாப்பட்டியல்: எல்லாவற்றுக்கும் 30 நாள். மறு பாதிக்குப் புதியது: உணவு, புகையிலை, போதைப் பொருள்களுக்கு 7 நாள், ஆடை, செருப்பு, கல்வி, மருத்துவமனைச் செலவு, நீடித்த பொருள்களுக்கு 365 நாள், மற்றவைக்கு 30 நாள்.

மேலே சொன்ன துணை மாதிரி முறையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அங்கே இரு பாதிக்கும் ஒரே கேள்வி, எனவே வேறுபாடு மாதிரிப் பிழையைக் காட்டியது. இங்கே இரு பாதியும் குலுக்கலில் பிரிந்தவை என்பதால் மாதிரிப் பிழை சிறிய, கணக்கிடக்கூடிய அளவில்தான் இருக்கும். அதற்கு மேல் எவ்வளவு வேறுபாடு வந்தாலும் அது கேள்வியால் வந்தது. மாதிரி சாராப் பிழையைப் பிரித்தெடுத்து அளக்க இதுதான் மிகத் தெளிவான வழி.

விடை எல்லோரையும் திடுக்கிட வைத்தது. புதிய வினாப்பட்டியலில் உணவுச் செலவு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடியது, மொத்தச் செலவு 15 முதல் 18 விழுக்காடு வரை கூடியது. வறுமைக் கோட்டை மாற்றாமல் இந்தச் செலவைப் பொருத்தினால் ஏழைகளின் விகிதம் ஏறக்குறைய பாதியானது. ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே கோடு. கேட்ட விதம் மட்டும் வேறு. அதற்கே 17 கோடிக்கும் மேற்பட்டோர் ஏழைகளின் பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டார்கள். மறதியால் சில விழுக்காடு பிசகும் என்று எதிர்பார்த்தவர்கள் இருந்தார்கள்; பாதியாகும் என்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

55ஆம் சுற்றின் சமரசம்

1999-2000இல் பெரிய சுற்று வந்தபோது எந்த முறையைக் கைக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. முடிவில் ஒரே குடும்பத்திடம் உணவுச் செலவை 7 நாளுக்கும் 30 நாளுக்கும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் கேட்பது என்று ஆனது. ஆடை, கல்வி போன்ற அரிதான செலவுகளுக்கு 30 நாள் கேள்வியே கைவிடப்பட்டு 365 நாள் மட்டும் வைக்கப்பட்டது.

முந்தைய சோதனையில் 7 நாள் ஒரு வீட்டில், 30 நாள் வேறொரு வீட்டில் கேட்கப்பட்டது. இப்போது இரண்டும் ஒரே வாயிலிருந்து வர வேண்டும். வாரத்துக்கு இரண்டு கிலோ என்று சொன்னவர், அடுத்த மூச்சில் மாதத்துக்கு ஆறு கிலோ என்று சொல்லத் தயங்குவார். சொன்னாலும் கணக்கெடுப்பாளர் புருவத்தை உயர்த்துவார். ‘அப்ப எட்டரை போட்டுக்கலாமா?’ என்ற பேச்சு வரும். ஒரு பதில் மற்றொன்றை இழுத்துவிடும்.

தரவிலும் அதற்கான தடயம் இருந்தது. முந்தைய சோதனையில் 30 விழுக்காடு விலகி நின்ற 7 நாள், 30 நாள் உணவுச் செலவுகள் 55ஆம் சுற்றில் மிக நெருங்கி வந்துவிட்டன. மக்களின் நினைவாற்றல் இரண்டு ஆண்டில் மேம்பட்டிருக்க வழியில்லை. 30 நாள் பதில் மேலே இழுக்கப்பட்டிருந்தால், அதிலிருந்து வந்த 26.1 என்ற எண்ணை 1993-94இன் 36உடன் நேரே ஒப்பிட முடியாது. இதோடு 365 நாள் மாற்றத்தின் தள்ளலும் சேர்கிறது. இரண்டுமே வறுமையைக் குறைத்துக் காட்டும் திசையில் இருப்பது கவனிக்கத்தக்கது.

அறிஞர்கள் இதைச் சரிசெய்ய முயன்றார்கள். பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் எடுத்துக்கொண்ட வழி இது: எரிபொருள், விளக்கு, சில்லறைச் சேவைகள் போன்ற சில இனங்களுக்கு 1993-94இலும் 1999-2000இலும் 30 நாள் கேள்வியே மாறாமல் இருந்தது. இந்த இனங்களில் இவ்வளவு செலவிடும் குடும்பம் ஏழையாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்ற உறவை 1993-94 தரவிலிருந்து எடுத்து, 1999-2000இன் அதே இனங்களின் செலவில் பொருத்தினார். கிராமப்புற வறுமை அதிகார எண்ணான 27.1க்குப் பதில் ஏறக்குறைய 30 என்றும், நகர்ப்புறம் 23.6க்குப் பதில் ஏறக்குறைய 24.7 என்றும் வந்தது. அதாவது வறுமை குறைந்தது உண்மை. அறிவித்த அளவுக்குக் குறையவில்லை.

இதற்கும் ஓர் அனுமானம் தேவைப்பட்டது: எரிபொருள் செலவுக்கும் மொத்தச் செலவுக்கும் உள்ள உறவு ஆறு ஆண்டுகளில் மாறவில்லை என்பது. கே. சுந்தரமும் சுரேஷ் டெண்டுல்கரும் வேறு வழியில் போனார்கள். அதே 55ஆம் சுற்றில் வேறு குடும்பங்களிடம் நடந்த வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 30 நாள் மட்டும் கேட்ட ஒரு சிறு செலவுப் பகுதி இருந்தது. அதனோடு ஒப்பிட்டு, 30 நாள் பதில் அவ்வளவாக மாசுபடவில்லை என்று வாதிட்டார்கள். இரு தரப்பும் நேர்மையாக, ஒரே தரவை வைத்துப் பேசியும் ஒரே எண்ணுக்கு வர முடியவில்லை. மாதிரிப் பிழையில் இப்படி நேராது. வாய்பாட்டைப் போட்டால் எல்லோருக்கும் ஒரே விடை. மாதிரி சாராப் பிழையை மதிப்பிட ஒவ்வொரு தடவையும் ஏதோ ஓர் அனுமானத்தை நம்ப வேண்டியிருக்கிறது. நடைமுறையில் இரண்டுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு இதுவே.

எந்தப் பிழைக்கு எப்போது அஞ்ச வேண்டும்

கிராமப்புறத் தள்ளல் சுமார் 3 புள்ளி என்று வைத்துக்கொண்டு, முன்பு கண்ட திட்டப் பிழை 0.27 புள்ளியோடு சேர்ப்போம். இரண்டின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மொத்தப் பிழை 3.01. இப்போது கோடிக்கணக்கில் செலவழித்து மாதிரியை நான்கு மடங்காக்குகிறோம் என்று கொள்வோம். திட்டப் பிழை 0.135 ஆகும். மொத்தப் பிழை 3.00. நான்கு மடங்கு செலவில் நூறில் ஒரு புள்ளி மிச்சம்.

அதே தரவிலிருந்து ஒரு மாவட்டத்துக்கு வறுமையைச் சொல்ல முயன்றால் நிலைமை தலைகீழாகிறது. மாவட்டத்தில் பத்துக் கிராமம், ஊருக்குப் பன்னிரண்டு வீடு, மொத்தம் 120 குடும்பங்கள் என்றால், அதே 2.65 பெருக்கலோடு திட்டப் பிழை 6.6 புள்ளி வரும். நம்பக எல்லை இரு பக்கமும் 13 புள்ளி. மதிப்பீடு 27 என்றால் உண்மை 14இலிருந்து 40 வரை எங்கும் இருக்கலாம். அங்கே 3 புள்ளித் தள்ளலைப் பற்றிப் பேசுவது இரண்டாம் பட்சம். மொத்தப் பிழை 7.2, அதில் பெரும்பங்கு மாதிரிப் பிழை. ஆகவே நாட்டளவு எண்ணைப் பார்க்கும்போது வினாப்பட்டியலை விசாரிக்க வேண்டும், மாவட்ட எண்ணைப் பார்க்கும்போது முதலில் எத்தனை குடும்பம் என்று விசாரிக்க வேண்டும். நாளிதழ்களில் மாவட்டவாரி அட்டவணைகளை ஒரு தசமம் வரை அச்சிட்டு வரிசைப்படுத்துவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. பத்தாம் இடத்துக்கும் இருபதாம் இடத்துக்கும் இடையே பெரும்பாலும் தற்செயலைத் தவிர வேறொன்றும் இருக்காது.

பூட்டிய வீடுகள்

கேள்வியால் வரும் பிழையை மட்டும் பேசிவிட்டு, ஆளைச் சந்திக்க முடியாததால் வருவதை விட்டுவிடக் கூடாது. சிறிய கணக்கெடுப்புகளைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். ஒரு நகரில் 600 குடும்பங்களைப் பொறுக்கினோம் என்று வைப்போம். 90 வீடுகள் பூட்டியிருக்கின்றன. சந்தித்த 510 வீடுகளின் சராசரி மாதச் செலவு 14,000 ரூபாய். பூட்டிய வீடுகள் கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகள், அவர்களின் சராசரி 18,000. (எண்கள் கற்பனை, விகிதங்கள் நடைமுறைக்கு ஒத்தவை.) உண்மைச் சராசரி 14,600; நம் மதிப்பீடு 600 ரூபாய் குறைவு. குடும்பங்களுக்கிடையே திட்ட விலக்கம் 8,000, பெருக்கல் எண் 2 என்றால் திட்டப் பிழை சுமார் 500 ரூபாய். மொத்தப் பிழை 780.

கைவசம் கூடுதல் பணம் இருந்தால் என்ன செய்வது? மாதிரியை 1,200 ஆக்கலாம். திட்டப் பிழை 354 ஆகும், ஆனால் அதே விகிதத்தில் பூட்டு தொங்கும், 600 ரூபாய்க் குறை அப்படியே நிற்கும். மொத்தப் பிழை 697. அதைவிடக் குறைந்த செலவில், பூட்டிய 90 வீடுகளுக்கு மாலை ஏழு மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் திரும்பப் போய் 60 வீடுகளைப் பிடித்தால், குறை சுமார் 180ஆக இறங்கும், மொத்தப் பிழை சுமார் 507. அனுபவம் உள்ள மேற்பார்வையாளர்கள் கணக்குப் போடாமலே இதைத்தான் செய்யச் சொல்வார்கள்.

பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டைச் சேர்த்துக்கொண்டால் 600 என்ற எண் நிறைவேறும், பிழை நிறைவேறாது. சேர்த்த வீடு, பகலில் ஆள் இருக்கும் இன்னொரு வீடுதான். மாற்று வீடு எத்தனை என்பதைத் தனியே குறித்து வைக்காத தரவில் இந்தத் தள்ளலைப் பிற்பாடு கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொரு வினாப்பட்டியலின் முதல் பக்கத்திலும் எத்தனையாவது வருகையில் சந்தித்தோம், முதலில் பொறுக்கிய வீடா மாற்று வீடா என்ற இரண்டு கட்டங்கள் இருந்தே ஆக வேண்டும். மூன்றாம் வருகையில் பிடித்த வீடுகளின் சராசரி முதல் வருகை வீடுகளின் சராசரியிலிருந்து விலகினால், பிடிபடாத வீடுகள் இன்னும் அதிகம் விலகியிருக்கும் என்று ஊகிக்கலாம்.

களத்தில் வேறு சில தடயங்களும் கைகொடுக்கும். கணக்கெடுப்பாளர் வாரியாகச் சராசரி எடுத்துப் பாருங்கள். குடும்பங்களை அவர்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் கொடுத்திருந்தால் சராசரிகள் நெருங்கி இருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் பூஜ்யங்கள் அதிகம் என்றால் அவர் கேள்விகளைத் தாண்டிப் போகிறார் என்று பொருள். இரண்டு காலங்களைக் கேட்டிருந்தால் 30 நாள் அளவை 7 நாள் அளவால் வகுத்துப் பாருங்கள். வீட்டுக்கு வீடு 4.3 என்றே வந்தால் இரண்டாவது பதில் கேட்கப்படவில்லை, பெருக்கப்பட்டது. பத்தில் ஒரு வீட்டுக்கு மேற்பார்வையாளர் இரண்டொரு நாளில் திரும்பப் போய் ஐந்தாறு கேள்விகளை மட்டும் மறுபடி கேட்பதும் நல்லது. ஆனால் முதல் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. கேட்டால் 55ஆம் சுற்றில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும்.

பிறகு நடந்தது

எது உண்மைக்கு அருகில் என்பதை அறிய 2000இல் நிறுவனம் வீட்டிலேயே அளந்து பார்க்கும் முன்னோட்டச் சோதனை ஒன்றை நடத்தியது. எல்லா உணவுக்கும் பொருந்தும் ஒரே காலம் கிடைக்கவில்லை. அரிசி, பருப்பு போன்ற மாதச் சாமான்களில் 30 நாள் பதில் நெருங்கி வந்தது. 7 நாள் பதில் மிகையாக இருந்தது. மாதச் சாமானை மாதக் கணக்காகவே வைத்திருப்பவர்களுக்கு இது வியப்பளிக்காது. பிற்பாடு வந்த கலப்பு முறையில் தானியம், பருப்பு, பால், சர்க்கரைக்கு 30 நாளும், காய்கறி, பழம், முட்டை, மீன், இறைச்சி, எண்ணெய், மசாலாப் பொருள்களுக்கு 7 நாளும், ஆடை, கல்வி போன்றவற்றுக்கு 365 நாளும் அமைந்தது இந்த அனுபவத்தின் விளைவு.

அந்தக் கலப்பு முறையை அறிமுகப்படுத்தியபோது பழைய தவறு திரும்பவில்லை. 2009-10இலும் 2011-12இலும் இரண்டு வினாப்பட்டியல்களை ஒரே வீட்டில் ஒட்டிவைக்காமல், தனித்தனிக் குடும்பங்களிடம் கொண்டுபோனார்கள். 2011-12இல் ஒவ்வொன்றுக்கும் ஒரு லட்சத்துக்கும் சற்று மேற்பட்ட குடும்பங்கள். உணவுக்கு 30 நாள் கேட்ட முதல் வகையில் கிராமப்புறத் தலைக்கு மாதச் செலவு 1,287 ரூபாய்; புதிய கலப்பு முறையில் 1,430 ரூபாய். 143 ரூபாய் வேறுபாடு, ஏறக்குறைய 11 விழுக்காடு. ஒரு லட்சம் குடும்பங்களில் தற்செயலால் இவ்வளவு விலகல் வர வழியே இல்லை. அது முழுக்கக் கேள்வியின் கைவரிசை. அதனால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டியவர் 1,287ஐயும், கலப்பு முறையில் வரும் பிந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டியவர் 1,430ஐயும் எடுக்கலாம்.

2022-23 கணக்கெடுப்பில் மறுபடியும் களமுறை மாறியது. 2,61,746 குடும்பங்கள், வினாப்பட்டியல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, உணவு, பிற நுகர்பொருள், நீடித்த பொருள் என்று மூன்று மாதத்தில் மூன்று வருகைகளில் கேட்கப்பட்டது, பொருள்களின் பட்டியல் 347இலிருந்து 405ஆக நீண்டது. ஒரே உட்காரலில் மூன்று மணி நேரம் பதில் சொல்லிக் களைத்தவர் தரும் பதிலைவிட, மூன்று தடவையாகப் பிரித்துக் கேட்டால் விட்டுப்போவது குறையும் என்று எதிர்பார்ப்பது நியாயம். கிராமப்புறத் தலைக்கு மாதச் செலவு 3,773 ரூபாய் என்று வந்தது. அதை 2011-12இன் 1,430க்குப் பக்கத்தில் வைக்கும்போது, உயர்வில் விலைவாசிக்கு எவ்வளவு, உண்மை வளர்ச்சிக்கு எவ்வளவு என்று பிரிப்பதோடு, மூன்று வருகைக்கும் நீண்ட பட்டியலுக்கும் எவ்வளவு என்றும் பிரிக்க வேண்டியிருக்கிறது. முறை மாறும் ஆண்டிலேயே ஒரு துணை மாதிரியைப் பழைய ஒற்றை வருகையில் கேட்டிருந்தால்தான் அந்தப் பங்கைத் தரவிலிருந்தே எடுக்க முடியும்.